ஐந்து மழையில் எந்த மழையை வெட்டுவது?

கேள்வி: எங்கள் ரப்பர் தோட்டத்தில் நெடுங்காலம் பால்மரம் வெட்டிய பாட்டி ஒருவரின் பேச்சை எழுத்தாக்கி உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். மழை பெய்தால் கூலி இல்லை என்பதற்கு மட்டும் ஐந்து சம்பவங்கள் சொல்கிறார். நீங்கள் கேட்ட அளவுக்குச் சுருக்க, முதலாவதை வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் எடுத்துவிடலாமா, ஐயா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கூடாது, அம்மா. ஐந்தில் முதலில் போக வேண்டியதே அந்த முதலாவதுதான். பேசுகிறவர் நினைவைக் கிளறிக்கொண்டே தொடங்குவதால், பேச்சில் முதலில் வரும் உதாரணம் பெரும்பாலும் பொதுவாகவே இருக்கும். "மழை வந்தா வேலை இல்ல, எத்தனையோ நாள் அப்படித்தான்" என்று பாட்டி தொடங்குகிறார். அதில் நாளும் இல்லை, ஆளும் இல்லை, நடந்தது என்று ஒன்றும் இல்லை. அது சம்பவமே அன்று. கருத்தையே இன்னொரு முறை சொன்னது. அதை எடுத்துவிட்டால் வாசகருக்குத் தெரியாமல் போவது எதுவும் இல்லை.

மற்ற நான்கையும் இதே கேள்வியை வைத்துப் பாருங்கள்: இது இல்லாவிட்டால் எந்தச் செய்தி விடுபடும்? இரண்டாவதில் பாட்டி இருட்டில், வேலைக்குப் பெயர் போடும் பிரட்டுக்குப் போகிறார், மழை பிடித்துக்கொள்கிறது, மரம் காயட்டும் என்று காத்திருக்கிறார், கடைசியில் பெயர் போடாமல் திருப்பி அனுப்பப்படுகிறார். நான்காவதில் பக்கத்து வீட்டுக்காரரின் நாத்தனாருக்கும் அதுவே நடக்கிறது. அதுவும் பாட்டி கேள்விப்பட்டதே தவிர, கண்டதன்று. காரணம் ஒன்றாகவும் முடிவு ஒன்றாகவும் இருக்கும் இரண்டில், பிறர் வாய்வழி வந்தது முதலில் போக வேண்டும். ஆனால் முழுமையாக அன்று. பாட்டி முடிக்கும்போது, "எங்க லயத்துல எல்லாருக்கும் இதே கதிதான்" என்கிறார். நாத்தனாரை அடியோடு நீக்கினால், அந்த "எல்லாருக்கும்" என்ற சொல்லுக்கு ஆதாரமாக ஒருவர்கூட மிஞ்ச மாட்டார். ஆகவே, பக்கத்து வீட்டிலும் இவ்வாறு நடந்ததாகக் கேட்டிருக்கிறார் என்று ஒரே வரியில் வைத்துக்கொள்ளுங்கள். "பலமுறை", "எல்லாரும்" போன்ற சொற்கள் கருத்தில் இருக்கும்போது உதாரணங்களின் எண்ணிக்கையும் சான்றின் ஒரு பகுதியாகிவிடுகிறது; கதைகளை வெட்டினாலும் எண்ணிக்கையைச் சொல்லாமல் விடக் கூடாது.

இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுபோலத் தோன்றியதால்தான் நீங்கள் சேர்த்தே வெட்ட நினைத்திருப்பீர்கள். அங்குதான் எனக்கு வருத்தம். மூன்றாவதில் பாட்டி நிரை முழுவதும் வெட்டி முடித்துவிட்டார். மரத்தில் கட்டிய மங்குகளில் பால் நிறைந்து நிற்கும்போது மழை கொட்டுகிறது. ஈரப் பட்டையில் பால் வெட்டிய கோட்டைத் தாண்டி வழிந்து பரவுகிறது, மங்கிலிருந்த பாலும் மழைநீரோடு பொங்கி வழிந்து மண்ணில் போகிறது. இரண்டாவதை மட்டும் படிக்கிறவர், வேலை செய்யவில்லை, அதனால் கூலி இல்லை, இதில் என்ன குறை என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் மூன்றாவதில் மட்டுமே இருக்கிறது: வேலை நடந்தது, உழைப்பு போயிற்று, கூலியும் போயிற்று. மறுப்பு எழக்கூடிய இடத்தில் நிற்கும் உதாரணம்தான் கடைசிவரை இருக்க வேண்டியது. மூன்றாவதை முழுமையாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதை இரண்டு மூன்று வாக்கியங்களில் அடக்குங்கள்.

ஐந்தாவது, ஐப்பசி மழையில் வேலை நின்று, தீபாவளிக்குத் துணி எடுக்காமல் மளிகைக் கடையில் கடன் ஏறியது. இது உதாரணமன்று, விளைவு. தவிர, பிற்பாதியில் பாட்டி காதுத் தோட்டை விற்று "அந்தக் கடைக் கணக்கை" அடைத்ததாகச் சொல்கிறார். ஐந்தாவது போனால் எந்தக் கடை, எந்தக் கணக்கு என்று வாசகர் திகைப்பார். வெட்டும் முன் பின்பகுதியில் "அந்த", "அன்றைக்கு", "முன்னே சொன்னேனே" என்று வரும் இடங்களை அடிக்கோடிட்டு, அவை எதைச் சுட்டுகின்றன என்று பாருங்கள். பழைய உதாரணத்தைத் தொட்டு நிற்கும் கயிறுகள் அவை.

இரண்டு தவறுகளைச் செய்யாதீர்கள். ஐந்தையும் சமமாகச் சீவி, ஒவ்வொன்றையும் ஒரு வரியாக்குவது ஒன்று. அப்போது அளவு குறையும். ஆனால் ஐந்தும் எலும்பாக நிற்கும், பாட்டியின் குரல் ஒன்றிலும் கேட்காது. மற்றொன்று அதைவிடக் கெட்டது: பிரட்டிலிருந்து திரும்பியதையும் பால் கரைந்ததையும் ஒரே நாளில் நடந்ததாக இணைத்துவிடுவது. தொடக்க காலத்தில் நானே ஒரு பெரியவரின் பேச்சில் இப்படி இரண்டு நாள்களை ஒன்றாக்கினேன். அச்சான பிறகு அவர், "அப்படி ஒரு நாள் எனக்கு வரவே இல்லையே, தம்பி" என்றார். சுருக்கம் என்ற பெயரில் நடக்காத நாளொன்றை நான் அவருக்குக் கொடுத்திருந்தேன். அது இன்றும் எனக்கு வலிக்கிறது.

இந்த முறையில் திருத்தி மறுபடியும் அனுப்புங்கள். நீக்கிய பகுதிகளைத் தனித்தாளில் சேர்த்து வையுங்கள், ஒலிப்பதிவை அழிக்காதீர்கள். பேச்சு சுருக்கப்பட்டது என்ற குறிப்பைக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே நாங்கள் போடுவோம். அச்சுக்குப் போகும் முன், சுருக்கிய வடிவத்தைப் பாட்டிக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.