ஊதினால் பூஜ்யம், ஆனாலும் சம்மன் வந்தது

"அண்ணே, சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வேன் ஓட்டுற வேலைக்கு வந்திருக்கேன், காலை 5 மணிக்கே ஆள் ஏத்தணும். ராத்திரி ரெண்டு மூணு பீர், சளிக்கு ஒரு மாத்திரை, லிமிட்டுக்குள்ளே இருந்தா போலீஸ் ஒண்ணும் பண்ணாதுங்கறாங்க, சரியா?"

தம்பி, பாதிதான் சரி. 2020 அக்டோபரிலிருந்து இங்கே மலேசியாவில் மதுவின் அளவு 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம், 100 மில்லி மூச்சில் 22 மைக்ரோகிராம். அதைத் தாண்டினால் முதல் தடவையே குறைந்தது 10,000 ரிங்கிட் அபராதம், ஜெயில் 2 வருஷம் வரை, லைசன்ஸும் போய்விடும்.

உன் கணக்கையே பார்ப்போம். 70 கிலோ ஆள் 9 மணிக்கு ஆரம்பித்து 11 மணிக்குள் மூன்று டின் குடித்தால், 11 மணிக்கே கிட்டத்தட்ட 50-இல் நிற்பான். உடம்பு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் கரைக்கும், காப்பி குடித்தாலும் குளித்தாலும் அது வேகமாகாது. ஆக, 5 மணிக்கு ஊதினால் பெரும்பாலும் பூஜ்யம்தான்.

ஆனால் மாத்திரை? கிளினிக்கில் கொடுக்கும் அந்தச் சின்ன மஞ்சள் மாத்திரை பெரும்பாலும் குளோர்ஃபெனிரமின். அதில் பாதி வெளியேறவே பலருக்கு 20 மணி நேரம் ஆகும், அதனால் ராத்திரி போட்டது விடியற்காலையிலும் மூளையை மந்தமாக்கிக்கொண்டு இருக்கும். அதோடு நாலு மணி நேரத் தூக்கம், பீர் குடித்து வந்த தூக்கம் வேறே, அது அரைகுறைதான். மிஷினுக்கு இதெல்லாம் தெரியாது.

எனக்கே நடந்தது. வந்த இரண்டாம் வருஷம், இதே மாதிரி ஒரு காலை, செம்பனைக்கு நடுவே நேர் ரோடு, 80-இல் போகிறேன், முன்னால் விளக்கில்லாத மோட்டார் சைக்கிள். 80-இல் வண்டி வினாடிக்கு 22 மீட்டர் ஓடும். அரை வினாடி தாமதித்துப் பிரேக்கில் கால் வைத்தால் 11 மீட்டர் போச்சு, ஒரு லோரி நீளம். ஒடித்துத் திருப்பி அவரைத் தவிர்த்தேன், வேன் கால்வாயில். ஊதச் சொன்னார்கள், பூஜ்யம். அப்பாடா என்று நானே வாயைத் திறந்து "சளி மாத்திரை சார், கண் சொக்கிடுச்சு" என்றேன். கவனக்குறைவாக ஓட்டியதாகச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் பிரிவு 43-இல் சம்மன் வந்தது. அதற்கு மதுவின் அளவே தேவையில்லை, எப்படி ஓட்டினாய் என்பதுதான். கண் சொக்குவது தெரிந்தும் ஓரங்கட்டாமல் ஓட்டினேன் என்பதே என் தப்பு, மாத்திரை சாக்காகவில்லை. யாராவது செத்திருந்தால் பிரிவு 41, அது ஜெயில்.

மருந்துப் பையைப் பார், "மெங்காந்தோக்" என்று மலாயில் இருந்தால் தூக்கம் வரும் என்று அர்த்தம், அதைப் போட்டால் ஓட்டக்கூடாது, மதுவும் கூடாது. கிளினிக்கில் வேன் ஓட்டுகிறேன் என்று சொல்லிக் கேள், லோராடடின் மாதிரி அவ்வளவாகத் தூக்கம் தராதது கிடைக்கும். அப்புறம் ராத்திரி மஞ்சள் மாத்திரை போட்டால் மண்டோரிடம் அன்றிரவே சொல்லிவிடு, காலை 5 மணிக்கு வேறே ஆள் தேட அவருக்கும் கஷ்டம்.