ஆறாவதுக்கு முன்னாடி ஒரு கணக்கு – வாசகர் கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

பொண்ணு இந்த ஜூன்ல ஆறாவது போறா. மெட்ரிக் ஸ்கூல், ஃபீஸ் வேன் எல்லாம் சேர்த்து வருஷம் 62 ஆயிரம். வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுறார், மாசம் 22 ஆயிரம் வரும். போன வருஷம் வச்ச செயினையே இன்னும் திருப்பல. ஸ்கூல்ல ஒரு ஆப் சொல்றாங்க, பத்து தவணை, வட்டி இல்லையாம். அதுல கட்டலாமா, இல்ல வளையலை வச்சிடலாமா? கவர்மெண்ட் ஸ்கூல்னா மாமியார் வீட்ல ஒத்துக்க மாட்டாங்க. சின்னவனுக்கு மூணு வயசு.

– ஒரு தங்கை, ஈரோடு மாவட்டம்

அன்புள்ள தங்கச்சி,

உன் லெட்டரை ராத்திரி படிச்சேன், தூக்கம் வரல. ஜூன் மாசம் வந்தாலே எனக்கு அடிவயிறு கலங்கும், இன்னைக்கும் அப்படித்தான்.

கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன். அந்த ஆப் நிஜமாவே வட்டி இல்லாம, பிராசஸிங் ஃபீஸ் மட்டும் எடுக்குதுன்னா அடகுக்கடைய விட செலவு கம்மிதான். ஆனா அது ஸ்கூல் தர்ற சலுகை இல்லம்மா, உன் பேர்லயோ உன் வீட்டுக்காரர் பேர்லயோ ஏறுற கடன். கம்பெனி ஸ்கூலுக்கு மொத்தமா கட்டிடும், உன் அக்கவுண்ட்ல மாசாமாசம் அதுவா எடுத்துக்கும். லோடு வண்டி வருமானம் அஞ்சாம் தேதி வருமா பத்தாம் தேதி வருமான்னு யாருக்கும் தெரியாது, ஒரு தடவை பவுன்ஸ் ஆனா பேங்க் ஒரு பக்கம் பிடிக்கும், கம்பெனி ஒரு பக்கம் பிடிக்கும், சிபில்லயும் ஏறும். கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி கீ ஃபேக்ட் ஸ்டேட்மெண்ட்னு ஒரு தாள் அவங்க கொடுத்தே ஆகணும், அதுல ஏபிஆர்னு ஒரு வரி இருக்கும், எல்லா செலவும் சேர்ந்த உண்மையான வட்டி அதுதான். வளையல்தான்னு முடிவு பண்ணா பேங்க்ல வை, தெருமுனை கடையில வைக்காத.

ஆனா நீ கேட்ட கேள்வியே தப்பு. எந்த கடன் நல்லதுன்னு கேக்குற. போன வருஷ செயின் இன்னும் உள்ள கிடக்குன்னு நீயே ஒரு வரியில எழுதிட்டு அடுத்த வரிக்கு தாவிட்ட. நான் அந்த வரியிலயே நின்னுட்டேன்.

என் பொண்ணு 2010ல எல்கேஜி சேர்ந்தா. அப்ப ஃபீஸ் கட்ட என் தாலிக்கொடிய வச்சோம். கடைக்காரர் கல்லுல உரசி பார்த்து, எடை போட்டு, சின்ன துணிப்பையில போட்டு நம்பர் சீட்டு கட்டினார், நான் சேலை தலைப்பால கழுத்தை மூடிட்டு வீட்டுக்கு வந்து மஞ்சக்கயிறு கட்டிக்கிட்டேன். ஒரு மூணு மாசம்தானேன்னு வீட்டுக்காரர் சொன்னார். அடுத்த ஜூன் வந்தப்ப அது திரும்பல, தோடு போச்சு. அதுக்கு அடுத்த வருஷம் தங்கம் விலை ஏறிடுச்சுன்னு அதே கொடி மேல இன்னும் கொஞ்சம் பணம் வாங்கினோம். பணம் கிடைச்சுதேன்னு அன்னைக்கு சந்தோஷப்பட்டேன், கடன் ஏறுதுன்னு தோணவே இல்ல.

அவ அஞ்சாவது படிக்கிறப்ப ஒரு நாள் நோட்டு எடுத்து உக்காந்து எழுதினேன். நிக்கிற அசல் ஒன்றரை லட்சம், ரெண்டு வட்டி, அப்ப மாசம் 3,000 வட்டி மட்டும். அஞ்சாவது ஃபீஸ் வருஷம் 36 ஆயிரம், பன்னெண்டால வகுத்தா அதுவும் 3,000. எனக்கு கை நடுங்கிடுச்சு. அவ என்னைக்கோ முடிச்ச யூகேஜிக்கும் ரெண்டாவதுக்கும் நான் இன்னும் மாசாமாசம் ஃபீஸ் கட்டிட்டு இருக்கேன், அதுவும் இப்ப படிக்கிற ஃபீஸ் அளவுக்கே.

வீடு கட்ட கடன் வாங்கினா வீடு ஒரு தடவைதான் கட்டுவோம், ஆபரேஷனும் அப்படித்தான். ஃபீஸ் அடுத்த ஜூன்லயும் வரும், அதுக்கு அடுத்த ஜூன்லயும் வரும், ஏறித்தான் வரும். அதனால ஒரு வருஷ ஃபீஸுக்கு வாங்கின கடன் அடுத்த ஜூனுக்குள்ள முழுசா அடையலன்னா, அந்த ஸ்கூல் நம்ம வருமானத்துக்கு மேலன்னு அர்த்தம், எந்த ஆப்பும் எந்த வளையலும் அதை மாத்தாது. உனக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கு. வருஷம் 40 ஆயிரம் கடன், ஒன்றரை வட்டி, அசல் அடைக்கலன்னு வச்சுக்கோ. பிளஸ் டூல 2 லட்சத்து 80 ஆயிரம் நிக்கும், மாசம் 4,200 வட்டிக்கே போகும். அப்பதான் காலேஜ் வரும். காலேஜுக்காவது பேங்க்ல கல்விக்கடன் உண்டு, படிச்சு முடிச்சு ஒரு வருஷம் வரைக்கும் பொறுப்பாங்க. ஸ்கூல் ஃபீஸுக்கு அந்த மாதிரி பொறுக்கிற கடன் கிடையாது.

மாமியார் வீட்ல ஒத்துக்க மாட்டாங்கன்னு எழுதியிருக்க. அவங்க வட்டி கட்டுவாங்களா? கோவத்துல கேக்கல, நிஜமா கேளு, நோட்டை முன்னாடி வச்சு கேளு.

நான் 2017ல பொண்ணை நகராட்சி பள்ளில ஆறாவது சேர்த்தேன், இங்கிலீஷ் மீடியம் செக்‌ஷன்தான். பழைய ஸ்கூல்ல பாக்கி கட்டினாத்தான் டிசின்னு மூணு வாரம் அலைய விட்டாங்க. கல்வி உரிமை சட்டம் அஞ்சாவது பிரிவு என்ன சொல்லுதுன்னு எனக்கு அப்ப தெரியாது. எட்டாவது வரைக்கும் அரசுப் பள்ளிக்கு மாறுற பிள்ளைக்கு டிசி உடனே கொடுக்கணும், வர லேட்டாச்சுன்னு புதுப் பள்ளியும் சேர்க்க மாட்டேன்னு சொல்லக்கூடாது. டிசி ஃபீஸ் வசூல் பண்ற கருவி இல்லன்னு 2024ல சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிடுச்சு. நிஜமா இழுக்கிற இடம் எமிஸ், எல்லா பிள்ளைங்க பேரும் ஏத்தி வச்சிருக்கிற அரசு ஆன்லைன் பதிவேடு. பழைய ஸ்கூல் பிள்ளை பேரை அதுல விடுவிச்சாத்தான் புது ஹெச்எம் ஏத்த முடியும், அதை டிசி கேக்கும்போதே கேட்டு வாங்கு.

நீ இப்ப நிக்கிறது சரியா ஆறாவது வாசல்லம்மா. இஞ்சினியரிங், மெடிக்கல்ல அரசுப் பள்ளி பிள்ளைங்களுக்கு 7.5 சதவீதம் இடம் இருக்கு, ஆனா ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளில படிச்சிருக்கணும். ஒரு வருஷம் பார்த்துட்டு ஏழாவதுல மாத்தலாம்னு நினைச்சா அது போச்சு. அரசு உதவி பெறும் தனியார் பள்ளிக்கு இந்த 7.5 கிடையாது, அங்க ஃபீஸ் கம்மிதான், ஆனா சேர்க்கிற செக்‌ஷன் செல்ஃப் ஃபைனான்ஸா இல்லையான்னு கேட்டுக்கோ. நான் சேர்த்தப்ப இதெல்லாம் இல்லவே இல்ல, இஞ்சினியரிங்குக்கு 2021லதான் வந்துச்சு. என் பொண்ணு 2024ல அதுலதான் சேர்ந்தா, ஃபீஸையும் ஹாஸ்டலையும் அரசு கட்டுது, புதுமைப் பெண்ல மாசம் 1,000 ரூபா அவ அக்கவுண்ட்டுக்கே வருது.

எல்லா அரசுப் பள்ளியும் நல்லா இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு வேலை நாள்ல நேர்ல போ. கணக்குக்கும் இங்கிலீஷுக்கும் டீச்சர் போஸ்ட் காலியா இருக்கான்னு கேளு, பொண்ணுங்க பாத்ரூம்ல தண்ணி வருதான்னு பாரு. சரியில்லன்னா அடுத்த பள்ளிக்கு போ, பஸ் பாஸ் இலவசம்தான்.

இல்லக்கா, இந்த வருஷம் அங்கேயே இருக்கட்டும்னா, அந்த 62 ஆயிரத்துக்கு பிரிச்சு ரசீது கேளு. ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் வகுப்பு வாரியா ஃபீஸ் கட்டண நிர்ணயக் குழு போட்டிருக்கும், அதுக்கு மேல வாங்கக்கூடாது, வாங்கினதை திருப்பித் தரணும். அந்த உத்தரவை காட்ட சொல்லு. சின்னவனுக்கு எல்கேஜிக்கு ஆர்டிஇ இலவச சீட்டுக்கு போட்டு பாரு, தேவையான சான்றிதழை முன்னாடியே எடுத்து வை. பெரியவளுக்கு இப்ப அது கிடையாது.

வளையலை இந்த வாரம் வைக்காத. அதுக்கு முன்னாடி ரெண்டு பள்ளிக்கு போய்ட்டு வா, ஆறாவதுக்கு கணக்கு யார் எடுக்குறாங்கன்னு கேட்டு எனக்கு எழுது.

அக்கா