"கல்விக்காக மட்டும்" என்று ஒரு வரி போட்டால் போதுமா?

கேள்வி: சேமிப்பைச் சும்மா வைத்திருக்காமல் கடனை முதலில் அடைத்துவிடுங்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். கையிலிருந்த அத்தனையையும் வீட்டுக் கடனில் கட்டினேன். இரண்டே மாதத்தில் வேலை போய்விட்டது. கட்டுரையின் அடியில் "இது பொதுக் கல்விக்கு மட்டும், தனிநபர் ஆலோசனை அல்ல" என்று இருந்தது. எழுதியவரைக் கேட்க முடியாதா?

கேட்கலாம். ஆனால் அவர் அந்த வரியைத்தான் காட்டுவார், இந்த இடத்தில் அவர் காட்டுவது நியாயமும்கூட. கட்டுரையின் கணக்கில் தப்பில்லை. கடனுக்கு வட்டி 9 சதவீதம், சேமிப்புக்குக் கிடைப்பது 6 சதவீதம் என்றால், சேமிப்பை எடுத்துக் கடனில் கட்டுகிறவருக்கு ஆண்டுக்கு 3 சதவீதம் மிச்சம்தான்.

இப்போது உங்கள் பக்கத்துக் கணக்கைப் போடுவோம். உங்கள் சேமிப்பை 100 பங்கு என்று வையுங்கள். வேலை போனபின் வீட்டுச் செலவுக்கு 40 பங்கு தேவைப்பட்டு, அதைக் கிரெடிட் கார்டில் ஆண்டுக்கு 36 சதவீத வட்டியில் எடுக்கிறீர்கள். பத்து மாதத்தில் வட்டி மட்டும் 12 பங்கு. அதே 40 பங்கைக் கடனில் கட்டியதால் அந்தப் பத்து மாதத்தில் மிச்சமானது 1 பங்கு. 60-ஐக் கட்டிவிட்டு 40-ஐக் கையில் வைத்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

"தனிநபர் ஆலோசனை அல்ல" என்றால் எழுதியவர் உங்களிடம் எதையும் கேட்கவில்லை என்று பொருள். வேலை எவ்வளவு நிலையானது, எத்தனை மாதச் செலவு கையில் இருக்கிறது, உங்களை நம்பி எத்தனை பேர், முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்று அவர் கேட்காமல் விட்ட எல்லாவற்றையும் நீங்களே உங்களைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். சரி, நடந்தது நடந்துவிட்டது. அடுத்த தவணை தவறுவதற்கு முன்னால் கடன் கொடுத்தவரிடம் போய்த் தவணையைத் தள்ளிவைக்கவோ காலத்தை நீட்டிக்கவோ முடியுமா என்று கேளுங்கள். தவறியபின் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

கேள்வி: பொறுப்புத் துறப்பு போட்டுவிட்டால் எழுதுபவர் எதை எழுதினாலும் தப்பித்துவிடலாம் என்கிறார் நண்பர். உண்மையா?

இல்லை. தெரிந்தே பொய் சொன்னதை எந்த வரியும் கழுவிவிடாது.

கேள்வி: பணம் பற்றிக் கட்டுரை எழுதும் ஒருவருக்குக் கட்டணம் செலுத்தினேன். வயது, வருமானம், கடன் எல்லாம் கேட்டுக்கொண்டு, இந்தத் திட்டத்தில் இவ்வளவு போடுங்கள் என்று எழுதி அனுப்பினார். போட்டேன், நஷ்டம். இப்போது "நான் எழுதுவதெல்லாம் கல்விக்காக மட்டும் என்று முதலிலேயே சொல்லியிருக்கிறேனே" என்கிறார். நான்தான் ஏமாளியா அம்மா?

இல்லவே இல்லை. உங்கள் நிலைமையைக் கேட்டார், உங்களுக்கென்று ஒரு திட்டத்தின் பெயரைச் சொன்னார், எவ்வளவு போடலாம் என்றும் சொன்னார், அதற்குக் காசும் வாங்கினார். இதற்குப் பெயர் ஆலோசனை. மேலே என்ன பெயர்ப்பலகை மாட்டியிருந்தாலும் உள்ளே நடந்தது அதுதான். பல நாடுகளில் இப்படிக் கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்வதற்குப் பதிவோ உரிமமோ வேண்டும். பதிவு பெற்றவர்களின் பட்டியலை நிதிச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பு வைத்திருக்கும். அதில் இவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதற்கும் முன்னால், அவர் அனுப்பிய செய்திகள், கட்டணம் செலுத்திய ரசீது, அந்தப் பொறுப்புத் துறப்பு இருக்கும் பக்கம் எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் வருகிறது என்று தெரிந்ததும் முதலில் காணாமல் போவது இவைதான். பிறகு அவருக்கு எழுத்தில் ஒரு புகார் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அந்தக் கண்காணிப்பு அமைப்புக்கு எழுதுங்கள். நஷ்டம் மட்டுமே புகாருக்குக் காரணமாகாது, நல்ல ஆலோசனையிலும் நஷ்டம் வரும். உங்களிடம் கேட்டு வாங்கிய விவரங்களுக்கு அந்தத் திட்டம் பொருந்தியதா, அபாயத்தைச் சொன்னாரா, பதிவு இருந்ததா என்பதை வைத்துப் புகாரை எழுதுங்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள்: அந்தத் திட்டத்தை விற்றதில் அவருக்குக் கமிஷன் வந்ததா? இந்த இடத்தில் எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். பல வருஷத்துக்கு முன் ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு, காப்பீடும் முதலீடும் கலந்த ஒரு பாலிசி வாங்கினேன். அடியில் பொடி எழுத்தில் "தகவலுக்காக மட்டும்" என்று இருந்தது. எவ்வளவு அடக்கமான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்! மூன்றாம் வருஷம் கட்ட முடியாமல் விட்டபோது, கட்டியதில் பாதிகூடத் திரும்பி வரவில்லை. எழுதியவர் அதே பாலிசியை விற்கும் முகவர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. இத்தகைய பாலிசிகளில் முதல் சில வருஷக் கட்டணத்தில் கணிசமான பகுதி கமிஷனுக்கும் செலவுக்கும் போய்விடும். பாதியில் விடுகிறவர் கைக்குக் கொஞ்சமே மிஞ்சுவது அதனால்தான். "நான் உங்களுக்கு ஆலோசகர் இல்லை" என்று சொல்ல மறக்காதவர்கள், "நீங்கள் வாங்கினால் எனக்குக் காசு வரும்" என்பதை மட்டும் எப்படித்தான் மறக்கிறார்களோ. முதல் வரி அவரைக் காப்பாற்ற. இரண்டாவது வரிதான் உங்களுக்கு உதவும், அதைத்தான் காணோம்.

கேள்வி: இந்தப் பொறுப்புத் துறப்பையெல்லாம் யார் உட்கார்ந்து படிப்பது? எதை வாங்கலாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்களேன்.

மூக்குக்கண்ணாடி.

கேள்வி: நானே சேமிப்பு, கடன் பற்றி எளிமையாக எழுதி வருகிறேன். ஆலோசகர் உரிமம் எதுவும் இல்லை. நேர்மையாக என்ன வாசகம் போடலாம்?

கேட்டதற்கே உங்களுக்கு ஒரு வணக்கம். வக்கீல் பாஷை வேண்டாம். இப்படி எழுதிப் பாருங்கள்:

"நான் பதிவு பெற்ற நிதி ஆலோசகர் இல்லை. இங்கே எழுதுவது பணம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பொதுவாக விளக்க. உங்கள் வருமானம், கடன், குடும்பம், வரி நிலைமை எதுவும் எனக்குத் தெரியாது. அதனால் உங்களுக்கு எது பொருந்தும் என்று என்னால் சொல்ல முடியாது. உதாரணங்களில் வரும் வட்டியும் வருமானமும் கணக்குக்காக வைத்தவை. இந்தக் கட்டுரையில் பெயர் வரும் எதிலாவது எனக்கு முதலீடோ கமிஷனோ இருந்தால் அந்த இடத்திலேயே சொல்லியிருப்பேன். எழுதிய தேதி மேலே இருக்கிறது. அதற்குப் பின் விதிகள் மாறியிருக்கலாம்."

இதைக் கட்டுரையின் தலையில் போடுங்கள். அடியில் போட்டால், படிப்பவர் அங்கே வருவதற்குள் முடிவெடுத்திருப்பார். கமிஷன் விஷயத்தை இங்கே பொதுவாகச் சொன்னதோடு விடாமல், அந்தத் திட்டத்தின் பெயர் வரும் வரியிலேயே மறுபடி சொல்லுங்கள். "இதை உடனே வாங்குங்கள்" என்று தலைப்பு வைத்துவிட்டு இந்த வாசகத்தைப் போட்டால் இரண்டில் ஒன்று பொய்.

பலர் சறுக்குவது பதில் எழுதும்போதுதான். "எனக்கு 45 வயது, கையில் இவ்வளவு இருக்கிறது, எதில் போடட்டும்?" என்று ஒருவர் உருக்கமாக எழுதுவார். பாவம் என்று ஒரு திட்டத்தின் பெயரைச் சொன்னீர்களானால், மேலே போட்ட வாசகத்தை நீங்களே கிழித்துப் போட்டீர்கள் என்று அர்த்தம். செலவு விகிதத்தை எங்கே பார்ப்பது, வெளியேறும் கட்டணம் என்றால் என்ன, ஆலோசகரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். பெயர் மட்டும் வேண்டாம்.

கேள்வி: உங்கள் பதில்களுக்கு அந்த வரி கிடையாதா?

உண்டு. முதல் கடிதக்காரர் 40 பங்கைக் கையில் வைத்திருக்கலாம் என்றேனே, அவர் வீட்டில் எத்தனை பேர் என்றுகூட எனக்குத் தெரியாது.