அம்பேத்கர் பௌத்தம் தழுவ 21 ஆண்டுகள் ஏன் எடுத்துக்கொண்டார்?

கேள்வி: இந்துவாகச் சாக மாட்டேன் என்று 1935-லேயே அறிவித்த அம்பேத்கர், 1956 வரை ஏன் காத்திருந்தார்?

தனி ஆளாக மதம் மாறுவது அவர் நோக்கமன்று. ஒரு சமூகமே சேர்ந்து வெளியேற வேண்டும் என்றே அவர் விரும்பினார். மகாடு பொதுக்குளத்தில் தண்ணீர் எடுக்கும் உரிமைக்காக 1927-லும், நாசிக் காலாராம் கோயில் நுழைவுக்காக 1930 முதலும் நடந்த போராட்டங்கள் கடும் எதிர்ப்பைச் சந்தித்த பின்னரே, மகாராஷ்டிரத்தின் இயோலா என்ற ஊரில் அந்த அறிவிப்பு வந்தது. அடுத்த ஆண்டுகளில் சீக்கியம் உள்ளிட்ட மதங்களைத் தீவிரமாகப் பரிசீலித்தார். பிறகு அரசியலமைப்புப் பணி குறுக்கிட்டது.

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில், பர்மாவைச் சேர்ந்த மூத்த பிக்கு சந்திரமணியிடம் புத்தர், தம்மம், சங்கம் என்னும் மும்மணிச் சரணமும் ஐந்து ஒழுக்க நெறிகளான பஞ்சசீலமும் ஏற்ற அம்பேத்கர், பின்னர் தாமே அவற்றை அங்கே திரண்டிருந்த லட்சக்கணக்கானோருக்கு வழங்கினார். துறவியல்லாத ஒருவர் இவ்வாறு வழங்கியது மரபுக்குப் புதிது. கூடவே அவர் வகுத்த 22 உறுதிமொழிகளே அந்த நிகழ்வின் உயிர் என்பேன்: பிரம்மா, விஷ்ணு, மகேசுவரனை வணங்க மாட்டேன், புத்தரை விஷ்ணுவின் அவதாரமாக ஏற்க மாட்டேன், சிராத்தம் செய்ய மாட்டேன் என்று அவை பழைய வழிபாட்டுக்குத் திரும்பும் வாயில்களை ஒவ்வொன்றாக அடைத்தன.

மாறியவர்கள் இதற்குப் பெரிய விலை கொடுத்தார்கள். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பௌத்தர்கள் இடஒதுக்கீட்டுக்குரிய பட்டியல் சாதியினராகக் கருதப்படவில்லை; அந்தத் தகுதி அவர்களுக்கு 1990-இல்தான் கிடைத்தது.