R + W > N சரியாக இருந்தும் பழைய மதிப்பு ஏன் வருகிறது?

கேள்வி: தலைமை நோட் இல்லாத டேட்டாபேஸில் மூன்று ரெப்ளிகா, அதாவது N=3, எழுத்துக்கு W=2, வாசிப்புக்கு R=2 வைத்திருக்கிறோம். R + W > N கணக்கு சரிதான், ஆனாலும் எப்போதாவது பழைய மதிப்பு வருகிறது. W=3, R=1 என்று மாற்றினால் தீருமா? இந்த எண்களை எப்படித்தான் தேர்ந்தெடுப்பது?

பதில்:

தீராது. அநேகமாக இன்னும் மோசமாகும். ஏன் என்று பார்க்க, அந்தச் சூத்திரம் எதற்கு உத்தரவாதம் தருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மூன்று நோட்களை அ, ஆ, இ என்று வைத்துக்கொள்வோம். W=2 என்றால் எழுத்து இரண்டு நோட்களுக்கு மட்டும் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கிளையன்ட்டின் கோரிக்கையை வாங்கும் நோட்டான கோஆர்டினேட்டர் மூன்றுக்கும் அனுப்பும்; இரண்டு பதில் வந்தவுடன் கிளையன்ட்டிடம் "முடிந்தது" என்று சொல்லும். படிக்கும்போது R=2 என்றால் இரண்டு நோட்களின் பதிலை ஒப்பிட்டு, டைம்ஸ்டாம்ப் புதிதாக இருப்பதைத் திருப்பித் தரும். மூன்றில் எந்த இரண்டை எடுத்தாலும் வேறு எந்த இரண்டுடனும் குறைந்தது ஒரு நோட்டாவது பொதுவாக இருக்கும். ஆகவே வெற்றிகரமாக முடிந்த எழுத்தை, அதற்குப் பிறகு தொடங்கும் வாசிப்பு தவறவிடாது. சூத்திரம் சொல்வது இவ்வளவுதான். "வெற்றிகரமாக முடிந்த" என்ற நிபந்தனையைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

இனி, W=3 ஆக்கினால் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும்? ஒரு நோட் எந்த நேரத்திலும் கைக்கு எட்டாமல் இருக்க 1% வாய்ப்பு என்றும், ஒன்றின் கோளாறு மற்றதைப் பாதிக்காது என்றும் வைத்துக் கணக்குப் போடுவோம். W=3 என்றால் மூன்றும் எழுந்திருக்க வேண்டும்; 0.99 × 0.99 × 0.99, அதாவது எழுத்துகளில் ஏறக்குறைய 3% தோற்கும். W=2 என்றால் இரண்டோ மூன்றோ ஒரே நேரத்தில் விழுந்தால்தான் தோல்வி; அது சுமார் 0.03%. இரண்டுக்கும் இடையே நூறு மடங்கு வித்தியாசம். W=1 என்றால் பத்து லட்சத்தில் ஒன்று. நிஜத்தில் ஒரே ரேக்கில் இருக்கும் நோட்கள் சேர்ந்தே விழும் என்பதால் இந்த எண்களை அப்படியே நம்ப வேண்டாம், ஆனால் சரிவு எந்தப் பக்கம் என்பதை இவை காட்டுகின்றன. வேகமும் இதே பாதையில்தான் போகும்: W=3 என்றால் ஒவ்வொரு எழுத்தும் மூன்றில் மிக மந்தமான நோட்டுக்காகக் காத்திருக்கும்.

சரி, இந்த விலையைக் கொடுத்தால் பழைய மதிப்பாவது நிற்குமா? இங்கேதான் உங்கள் பிரச்சினையின் வேர் இருக்கிறது என்று நினைக்கிறேன்: பாதியில் நின்ற எழுத்து.

காசாண்ட்ராவை எடுத்துக்கொள்வோம். ஓர் ஆர்டரின் நிலை `pending`. அதை `shipped` ஆக்க QUORUM அளவில், அதாவது பெரும்பான்மையான இரண்டு நோட்களின் பதிலைக் கேட்டு, எழுதுகிறீர்கள். அ உடனே எழுதிவிட்டது. ஆ நீண்ட ஜிசி இடைநிறுத்தத்தில் சிக்கியிருக்கிறது. இ-க்கு அனுப்பிய செய்தி வலையமைப்பில் தொலைந்துவிட்டது. இயல்பான அமைப்பில் கோஆர்டினேட்டர் 2 விநாடி காத்திருந்து, `WriteTimeoutException` அனுப்பும். உங்கள் நிரல் அதைப் பிடித்து "எழுத்து தோற்றது" என்று பதிவு செய்யும்.

ஆனால் அ-வில் `shipped` உட்கார்ந்திருக்கிறது. அதை யாரும் திரும்ப எடுப்பதில்லை. இந்த வகை டேட்டாபேஸ்களில் சாதாரண எழுத்துக்கு ரோல்பேக் கிடையாது.

இப்போது ஒருவர் படிக்கிறார். கோஆர்டினேட்டர் ஆ, இ இரண்டையும் கேட்கிறது. விடை `pending`. அடுத்தவர் படிக்கும்போது அ, ஆ இரண்டும் பதில் சொல்கின்றன. அ-வின் டைம்ஸ்டாம்ப் புதியது, எனவே விடை `shipped`. ரீட் ரிப்பேர் இயங்கினால், விடை தருவதற்கு முன்பே ஆ-விலும் `shipped` எழுதப்படும். அதற்குப் பிறகு எந்த இரண்டைக் கேட்டாலும் `shipped` தான். "தோற்றது" என்று நீங்கள் பதிவு செய்த எழுத்து, யாரோ படித்த காரணத்தால் நிரந்தரமாகிவிட்டது! ரீட் ரிப்பேரை அணைத்திருந்தால் கதை வேறு: மூன்றாமவர் மறுபடி ஆ, இ இரண்டிலும் படித்து `pending` பார்ப்பார். திரையைப் புதுப்பிக்கப் புதுப்பிக்க மதிப்பு மாறி மாறி வரும். காசாண்ட்ரா 4.0-இலிருந்து இது டேபிள் அளவில் `read_repair` என்ற அமைப்பு. இயல்பு மதிப்பு `BLOCKING`. யாராவது வேகத்துக்காக `NONE` ஆக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

எழுத்து தோற்க வேண்டும் என்றுகூட இல்லை. நல்லபடியாக முடியப்போகும் எழுத்தும் பாதி வழியில் இருக்கும் சில மில்லிவிநாடிகளில் இதே நிலையில்தான் இருக்கும். அந்த இடைவெளியில் படிப்பவருக்குப் பழையதோ புதியதோ எதுவும் வரலாம். சூத்திரம் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இதே காட்சியில் W=3, R=1 வைத்துப் பாருங்கள். மூன்றில் ஒன்று தாமதித்தாலே எழுத்து டைம்அவுட் ஆகும். அப்போது இரண்டில் புதியது, ஒன்றில் பழையது. அதாவது பாதியில் நின்ற எழுத்துகள் முன்பைவிட அதிகமாக உருவாகும். R=1 என்பதால் படிக்கும்போது ஒப்பிட இரண்டாவது பதில் இல்லை; ஒப்பீடு இல்லாத இடத்தில் ரீட் ரிப்பேருக்கும் வேலை இல்லை. பழைய நோட்டிடம் போய் விழும் வாசிப்பு ஒவ்வொன்றும் பழையதையே வாங்கிவரும். டைம்அவுட் ஆன எழுத்துகளைக் கறாராக மறுமுயற்சி செய்யாதவர்களுக்கு இது R=2-ஐவிட மோசமான தேர்வு.

நியாயமாகச் சொன்னால் விட்டுப்போனதைச் சரிசெய்ய இன்னொரு வழியும் உண்டு. பதில் தராத நோட்டுக்கான எழுத்தை கோஆர்டினேட்டர் குறிப்பாகச் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும். ஹின்டட் ஹேண்ட்ஆஃப் என்பார்கள். ஆனால் கோஆர்டினேட்டரே விழுந்தால் அந்தக் குறிப்பும் போய்விடக்கூடும். ஒரு நோட் இயல்பான 3 மணி நேர வரம்பைத் தாண்டி விழுந்து கிடந்தால், அதற்கு மேல் அதன் பெயரில் புதிய குறிப்புகள் சேராது. அப்புறம் நோட்களை ஒப்பிட்டுச் சரிசெய்யும் `nodetool repair` தான் வழி.

ஆகவே டைம்அவுட்டைத் "தெரியாது" என்று எடுத்துக்கொள்ளுங்கள். `UnavailableException` வேறு: போதுமான நோட்கள் இல்லை என்று கோஆர்டினேட்டருக்கு முன்பே தெரிந்து, எதையும் அனுப்பாமலேயே மறுத்துவிட்டது என்று பொருள். டைம்அவுட் என்றால் அதே எழுத்தை மறுபடி அனுப்பி வெற்றி வாங்குங்கள். அனுப்பும்போது முதல் முயற்சியின் டைம்ஸ்டாம்பையே `USING TIMESTAMP` மூலம் கொடுப்பது நல்லது. புதிய டைம்ஸ்டாம்ப் கொடுத்தால், இடையில் வேறொருவர் செய்த மாற்றத்தை உங்கள் மறுமுயற்சி அழித்துவிடலாம். "ஒன்று கூட்டு" என்ற வகைக் கவுன்ட்டருக்கு இந்த மருந்து பொருந்தாது. இரண்டு முறை கூட்டிவிடும்.

டைம்அவுட் எதுவும் பதிவாகவில்லை, எழுத்து வெற்றி, R=2 வாசிப்பு, ஆனாலும் பழையதே வருகிறது என்றால் கடிகாரத்தைச் சந்தேகப்படுங்கள். எது புதியது என்று தீர்மானிப்பது டைம்ஸ்டாம்ப். பெரும்பாலும் டிரைவரே அதைத் தன் இயந்திரக் கடிகாரத்திலிருந்து எடுத்துப் போடும். ஒரு சர்வரின் கடிகாரம் 5 விநாடி முன்னால் ஓடினால், அது எழுதியதை அடுத்த 5 விநாடிக்குள் மற்ற சர்வர்கள் மாற்ற முடியாது. அவர்களின் எழுத்துக்கு "வெற்றி" என்றே பதில் வரும், ஆனால் மதிப்பு அசையாது. இதைக் கண்டுபிடிப்பது எளிது:

```
CONSISTENCY ALL;
SELECT status, WRITETIME(status) FROM orders WHERE id = 42;
```

வரும் எண் மைக்ரோவிநாடியில் இருக்கும். உங்கள் பதிவில் அந்த எழுத்து நடந்த நேரத்தோடு ஒப்பிடுங்கள். எண் அதைவிடப் பிந்திய நேரத்தைக் காட்டினால் குற்றவாளி கடிகாரம்தான். எத்தனை நோட்களைக் கேட்டாலும் அது சரியாகாது. (`ALL` அளவில் படிப்பதே ரிப்பேரைத் தூண்டிச் சான்றை அழித்துவிடும் என்பதால், பாதியில் நின்ற எழுத்தைத் தேடும்போது இதை முதலில் ஓட்டாதீர்கள்.)

மூன்றாவது காரணம் உங்கள் டேட்டாபேஸைப் பொறுத்தது. அமேசான் 2007-இல் வெளியிட்ட டைனமோ ஆய்வுக் கட்டுரையில், உரிய நோட் விழுந்திருந்தால் வரிசையில் அடுத்த நலமான நோட் எழுத்தை வாங்கிக்கொள்ளும். அந்தப் பதிலும் W-க்குள் கணக்காகும். எழுத்து நிற்காமல் இருக்க அருமையான ஏற்பாடு. ஆனால் எழுதிய இருவரும் படிக்கும் இருவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கலாம் என்பதால் R + W > N அங்கே வெறும் ஆசை. காசாண்ட்ரா இப்படிச் செய்வதில்லை, ரியாக் இயல்பாகவே செய்யும். காசாண்ட்ராவில் இதற்கு இணையான சறுக்கல் `LOCAL_QUORUM`: ஒரு டேட்டா சென்டரில் எழுதி, மற்றதில் படித்தால் இரண்டு குவோரமும் சந்திக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

எண்களைத் தேர்வது பற்றி என் கருத்து இது. N=3, W=2, R=2 என்பதில் தொடங்குங்கள்; ஒரு நோட் விழுந்தாலும் இரு பக்கமும் ஓடும். இரண்டு நோட் இழப்பைத் தாங்க வேண்டுமென்றால் N=5, குவோரம் 3. N=4 வைப்பதில் பெரிய லாபம் இல்லை; குவோரம் 3 ஆகிவிடுவதால் தாங்குவது அப்போதும் ஒரே ஒரு நோட் இழப்பைத்தான். W=1, R=3 என்பதும் சூத்திரத்துக்குப் பொருந்தும், ஆனால் வெற்றி என்று சொன்ன ஒரே நோட்டின் டிஸ்க் அடுத்த நொடி செத்தால் எழுத்தே போய்விடக்கூடும். எத்தனை பிரதிகள் பத்திரமாக இருக்கின்றன என்பதையும் W தான் சொல்கிறது. பார்வை எண்ணிக்கை, லாக் போன்றவற்றுக்கு R=1, W=1 தாராளமாகப் போதும். இந்த அளவைக் கோரிக்கைக்குக் கோரிக்கை மாற்ற முடியும். மொத்த அமைப்புக்கும் ஒரே எண் வைக்க வேண்டியதில்லை.

உங்கள் நிரல் ஒரு மதிப்பைப் படித்து, அதை வைத்து முடிவெடுத்து, திரும்ப எழுதுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இருவர் ஒரே நேரத்தில் கையிருப்பு 10 என்று படித்து, இருவரும் 9 என்று எழுதினால், R=3, W=3 வைத்தாலும் ஒரு விற்பனை காணாமல்தான் போகும். அந்த வரிக்கு மட்டும் `UPDATE ... IF stock = 10` என்று, நோட்களை ஒரே முடிவுக்கு ஒத்துக்கொள்ள வைக்கும் பேக்ஸோஸ் வழியாகப் போங்கள்; கூடுதல் சுற்றுப் பயணங்களால் அது மந்தமாகத்தான் இருக்கும்.