மறதி நோய் மாத்திரைகள்: எதுவரை கைகொடுக்கும்?

மறதி நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவப் பிரிவில் பல வருடமாக வேலை செய்கிறேன். கேள்விகளை வந்த வரிசையில் எடுத்துக்கொள்கிறேன்.

"அப்பாவுக்கு 76 வயது. அல்சைமர் என்று சொல்லி டொனெபெசில் ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. போன நினைவு கொஞ்சமும் திரும்பவில்லை. மருந்து வேலை செய்யவில்லை என்றுதானே அர்த்தம்?"

அப்படிச் சொல்லிவிட முடியாது. வேலை செய்கிறது என்றும் சொல்ல முடியாது.

அல்சைமரில் முன்மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஒரு கூட்டம் செல்கள் சீக்கிரமே சாக ஆரம்பிக்கும். கவனத்துக்கும் நினைவுக்கும் வேண்டிய அசிட்டைல்கோலினை மூளையின் மேற்பரப்பு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்ப்பவை அவைதான். ஒரு நரம்பு செல் அதை வெளியே விட்டதும், அடுத்த செல்லுக்குச் செய்தி போய்ச் சேர்ந்த கையோடு, கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதை உடைத்துவிடும். டொனெபெசில் அந்த நொதியைக் கட்டிப்போடுகிறது. மிச்சமிருக்கும் அசிட்டைல்கோலின் இன்னும் கொஞ்ச நேரம் தங்குகிறது. மருந்து செய்வது அவ்வளவுதான். ஊற்று வற்றிக்கொண்டே இருக்கிறது, நாம் அடைப்பது வடிகாலை மட்டும். செல் சாவது அதனால் நிற்பதில்லை.

பலன் எவ்வளவு என்று கேட்டால், 30 மதிப்பெண் நினைவுப் பரிசோதனையில், ஆறு மாத முடிவில், மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட சராசரியாக ஒரு மதிப்பெண் அளவுக்கு மேலே இருக்கிறார்கள். அது சராசரி. சிலருக்குக் கூடுதலாகத் தெரியும், பலருக்கு ஒன்றுமே தெரியாது. போனது திரும்பும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். "மூன்று மாதத்துக்கு முன்பு செய்ததை இன்றும் செய்கிறாரா?" என்று கேட்டுப் பாருங்கள்.

நான் வீட்டாரிடம் மாத்திரை தொடங்கும் முன்பே இரண்டு விஷயங்களை எழுதி வைக்கச் சொல்வேன். பொதுவாக "ஞாபகம்" என்று எழுதினால் உதவாது. சட்டைப் பொத்தானைத் தானே போடுகிறாரா, தானாகப் பேச்சை ஆரம்பிக்கிறாரா என்பது போல, கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். அப்பா இன்னும் 5 மி.கி.யிலேயே இருக்கிறார் என்றால், நாடித்துடிப்பைப் பார்த்துவிட்டு 10க்கு ஏற்றலாமா என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். வழக்கமாக 5ல் நாலு முதல் ஆறு வாரம் இருந்த பிறகுதான் ஏற்றுவோம்.

"மருந்துக்கடையில் 18 வருடம் இருந்தவன் சார் நான். டொனெபெசிலை ராத்திரிதான் போட வேண்டும், தூக்கத்தில்தான் ஞாபகம் பதியும் என்பதால். இதைத் தெளிவாகச் சொல்லுங்கள், நிறையப் பேர் காலையில் போடுகிறார்கள்."

பாதி சரி. ராத்திரி என்றுதான் பெட்டியில் போட்டிருக்கும். ஆனால் காரணம் நீங்கள் சொல்வது இல்லை. குமட்டல் வந்தால் தூக்கத்தில் கழிந்துவிடட்டும் என்று ராத்திரி கொடுக்கிறோம். இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே 70 மணி நேரம் போல ஆகும். ஆகவே எந்த வேளையில் போட்டாலும் மூளையில் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். ராத்திரி போட்டுப் பயங்கரக் கனவு வந்து அலறுகிறவர்களைக் காலைக்கு மாற்றிவிடுவேன், பெரும்பாலும் அடங்கிவிடும். காலையில் போடுகிறவர்களைத் திருத்த வேண்டாம்.

உங்கள் அனுபவம் வேறு இடத்தில் உதவும். டொனெபெசில் போலவே வேலை செய்யும் ரிவாஸ்டிக்மின் ஒட்டுப்பட்டை வாங்க வருகிறவர்களிடம், பழையதை உரித்த பிறகுதான் புதியதை ஒட்ட வேண்டும் என்று சொல்லுங்கள். முதுகில் மூன்று பட்டையோடு வாந்தி எடுத்துக்கொண்டு வந்தவரை நான் பார்த்திருக்கிறேன். ஒட்டியது மகள், உரிக்க வேண்டியது மருமகள் என்று வேலையைப் பிரித்துக்கொண்டதில் வந்த வினை.

"அம்மாவுக்கு 81. மாத்திரையை 10 ஆக ஏற்றினார்கள். அப்புறம் சிறுநீர் அடக்க முடியாமல் போனது, அதற்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். இப்போது ராத்திரியில் இல்லாத ஆட்களோடு பேசுகிறார், என்னையே யார் என்கிறார். நோய் முற்றிவிட்டதா டாக்டர்?"

பதில் சொல்லும் முன் மூன்று விஷயம் வேண்டும்: எது எந்தத் தேதியில் தொடங்கியது, சிறுநீர் மாத்திரையின் பெயர், அம்மாவின் நாடித்துடிப்பு.

"10 ஆக்கியது மார்ச் முதல் வாரம். நனைக்க ஆரம்பித்தது அந்த மாதக் கடைசி. ஏப்ரல் 20 வாக்கில் ஆக்ஸிபியூட்டினின் 5 மி.கி. இரண்டு வேளை. ஆட்கள் தெரிய ஆரம்பித்தது மே தொடக்கம். நாடி 50. பிரஷருக்கு அட்டெனொலால் சாப்பிடுகிறார்."

தேதிகளை அழகாகக் குறித்திருக்கிறீர்கள், பாதி வேலை முடிந்தது.

அசிட்டைல்கோலின் மூளைக்கு மட்டும் சொந்தமில்லை. சிறுநீர்ப்பையைச் சுருங்கச் சொல்வதும், குடலை ஓட்டுவதும், இதயத்தை மெதுவாக்குவதும் அதே பொருள்தான். டொனெபெசிலை ஏற்றியதும் பையும் கூடச் சுருங்கியிருக்கலாம். அதை நோயின் அடுத்த கட்டம் என்று நினைத்து ஆக்ஸிபியூட்டினின் கொடுத்திருக்கிறார்கள். ஆக்ஸிபியூட்டினின் செய்வது அசிட்டைல்கோலினைத் தடுப்பது. ஒரு மாத்திரை கதவைத் திறக்கிறது, இன்னொன்று அதே கதவைச் சாத்துகிறது. மூளைக்குள் நன்றாகப் போகும் மருந்து அது. ஏற்கெனவே வற்றிப்போன மூளையில் அதைக் கொடுத்தால் குழப்பமும் இல்லாதவர்கள் தெரிவதும் வரும். அல்சைமர் இரண்டு வாரத்தில் இப்படிப் பாய்வதில்லை. திடீர் மாற்றம் என்றால் முதலில் மருந்துச்சீட்டைத்தான் பார்க்க வேண்டும், அடுத்து சிறுநீர்த் தொற்றை, அப்புறம் மலச்சிக்கலை.

அம்மாவின் மருத்துவரிடம் இந்தத் தேதிகளை எழுதிக் கொடுங்கள். நானாக இருந்தால் முதலில் ஆக்ஸிபியூட்டினினை நிறுத்துவேன். சிறுநீரையும், பை முழுதாகக் காலியாகிறதா என்பதையும் சோதிப்பேன். டொனெபெசிலை 5க்கு இறக்குவேன். நாடி 50 என்பது எனக்குப் பிடிக்கவில்லை. டொனெபெசிலும் அட்டெனொலாலும் சேர்ந்து இதயத்தை மெதுவாக்குகின்றன. ஒரு ஈசிஜி எடுக்க வேண்டும், பிரஷர் மாத்திரையை மாற்ற முடியுமா என்றும் கேட்க வேண்டும். எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுந்தால் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், ஆனால் அடுத்த மாதச் சந்திப்புவரை காத்திருக்கவும் வேண்டாம்.

"என் அண்ணனுக்கு 58. முன்மூளை சுருங்கும் வகை என்றார்கள். இதே மாத்திரை உதவுமா?"

அந்த வகைக்கு இல்லை. அங்கே அசிட்டைல்கோலின் குறைவது முக்கியப் பிரச்சினை இல்லை. கொடுத்தால் சிலருக்குக் கோபமும் அலைச்சலும் கூடுகிறது. இன்னொரு மறதி நோய் மருந்தான மெமன்டினும் அதில் சோதித்துப் பார்க்கப்பட்டது, பலன் காட்டவில்லை.

"எனக்கு 45. மீட்டிங்கில் பெயர்கள் சிக்குவதில்லை. இப்போதே டொனெபெசில் போட்டுக்கொண்டால் பிற்காலத்தில் வராமல் தடுக்கலாமா? நீங்கள் சீக்கிரம் ஆரம்பிக்கச் சொன்னதால் கேட்கிறேன்."

நான் அப்படிச் சொல்லவில்லை. லேசான நினைவுக் குறைவு உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2005ல் வந்தது. முதல் வருடம் கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தது, மூன்று வருட முடிவில் அல்சைமருக்குப் போனவர்களின் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. நினைவுக் குறைவு உறுதியான அவர்களுக்கே அப்படி என்றால், உங்களுக்குக் கிடைக்கப்போவது வயிற்றுப்போக்கு மட்டும்தான். தூக்கம் எப்படி என்று முதலில் பாருங்கள்.

"மெமன்டின்தான் வலுவான மருந்து என்கிறார்கள். அதை ஏன் முதலிலேயே தருவதில்லை? அது மூளைச் செல்லைக் காப்பாற்றும் என்றும் படித்தேன்."

வலு என்பதைவிட அது வேறு வாசல். இங்கே ஆள் குளுட்டமேட், நரம்பு செல்களுக்கு இடையே செய்தி கொண்டுபோகும் இன்னொரு பொருள். நோயில் அது சன்னமாகக் கசிந்துகொண்டே இருந்து, செல்லில் அதற்கென்று இருக்கும் என்எம்டிஏ என்ற வாசல்களைப் பாதி திறந்தபடி வைத்திருக்கிறது என்பது விளக்கம். ஓயாத இரைச்சலில் உண்மையான செய்தி காதில் விழாத மாதிரி. மெமன்டின் அந்த வாசலில் லேசாக உட்கார்ந்துகொள்ளும். பலமான செய்தி வந்தால் எழுந்து வழிவிடும். இதே வாசலை இறுக்கி அடைக்கிற கெட்டமின் மயக்க மருந்தாகிவிட்டது. மெமன்டினைத் தாங்க முடிவதே அதன் பிடி தளர்வாக இருப்பதால்தான்.

செல்லைக் காப்பாற்றும் என்பது சோதனைக்கூடத்துப் பேச்சு. மனிதர்களில் நோயின் ஓட்டத்தை அது மாற்றியதாக யாரும் காட்டவில்லை. நடுத்தர, முற்றிய கட்டத்தில் சிறிய பலன் உண்டு. ஆரம்பக் கட்டத்தில் பலன் தெரியவில்லை, ஆகவேதான் முதலில் தருவதில்லை. வாரம் 5 மி.கி.யாக ஏற்றி 20க்குப் போவோம். சிறுநீரகம் மிகவும் தளர்ந்திருந்தால் 10லேயே நிறுத்திக்கொள்வோம். நாடி குறைவாக இருப்பதால் டொனெபெசில் கொடுக்க முடியாதவர்களுக்கு இது கைகொடுக்கும்.

"மாமியாருக்கு ஆறு வருடமாக டொனெபெசில். இப்போது படுக்கைதான், பேச்சு நாலைந்து வார்த்தை. எடை குறைந்துகொண்டே போகிறது. நிறுத்தலாமா? நிறுத்திய பிறகு ஏதாவது ஆனால் என்னைத்தான் எல்லோரும் சொல்வார்கள்."

2012ல் பிரிட்டனில் இதையே சோதித்தார்கள். நடுத்தர, முற்றிய கட்டத்தில் இருந்த 295 பேர், எல்லோரும் டொனெபெசிலில் இருந்தவர்கள். தொடர்ந்தவர்கள், நிறுத்தியவர்களைவிட 30க்கு சராசரியாக 1.9 மதிப்பெண் மேலே இருந்தார்கள். நிறுத்தியவர்களில் முதல் வருடத்தில் பராமரிப்பு இல்லத்துக்குப் போனவர்களும் அதிகம். ஆகவே "முற்றிவிட்டது, இனி எதற்கு" என்று கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தும் பழக்கம் தப்பு. ஆனால் உங்கள் மாமியார் அந்த ஆய்வில் இருந்தவர்களைவிடத் தளர்ந்தவராகத் தெரிகிறார். எடை குறைவதில் மாத்திரைக்கும் பங்கு இருக்கலாம், பசியைக் கெடுக்கும்.

மருத்துவர் ஒத்துக்கொண்டால் நான் செய்வது இது: 10லிருந்து 5க்கு இறக்கி நாலு வாரம், அப்புறம் நிறுத்தி இன்னும் ஆறு வாரம் கவனிப்பு. அந்த நாலைந்து வார்த்தை நிற்கிறதா, வாயில் வைத்ததை விழுங்குகிறாரா, ராத்திரி அமைதியா என்று தினம் ஒரு வரி எழுதுங்கள். தெளிவாகச் சரிந்தால் உடனே திரும்ப ஆரம்பிக்கலாம். வெகுநாள் தாமதித்தால் பழைய நிலைக்கு வருவது உறுதியில்லை. முடிவைக் குடும்பத்தோடு சேர்ந்து எடுத்து, மருத்துவரைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள், பழி உங்கள் தலையில் விழாது.

"1.9 மதிப்பெண்ணுக்காக ஒரு கிழவியை வருடக்கணக்கில் குமட்ட வைப்பது நியாயமா? நான் செவிலியர், முற்றிய கட்டத்தில் ஒருவருக்குக்கூட இதனால் பலன் பார்த்ததில்லை."

நீங்கள் பார்ப்பது மருந்தோடு இருப்பவர்களை மட்டும். மருந்து இல்லாமல் அதே ஆள் எப்படி இருந்திருப்பார் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. குமட்டல் தொடர்ந்தால் நிறுத்த வேண்டும் என்பதில் நமக்குள் சண்டை இல்லை. குமட்டல் இல்லாமல் 1.9 கிடைக்கிறவரிடம் என்ன செய்வது என்பதில் என் சக மருத்துவர்களே இரண்டு கட்சி. நான் தொடரச் சொல்லும் கட்சி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடையும் நாடியும் பார்த்துக்கொண்டு.

"டாக்டர், மார்ச், ஏப்ரல் தேதி எழுதியவள்தான். ஆக்ஸிபியூட்டினினை நிறுத்தி, டொனெபெசிலை 5 ஆக்கி ஒன்பது நாள் ஆகிறது. ராத்திரி பேச்சு நின்றுவிட்டது. நேற்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நனைப்பது மட்டும் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை."

நாடி எவ்வளவு? ஈசிஜி எடுத்தார்களா?

"56. ஈசிஜி வியாழக்கிழமை."

சரி. மிச்சமிருக்கும் நனைப்பு நோயாலும் இருக்கலாம், வயதாலும் இருக்கலாம். இன்னும் மூன்று வாரம் போகட்டும். அதுவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நீங்களே கழிவறைக்குக் கூட்டிப்போங்கள். இன்னொரு சிறுநீர் மாத்திரையை யாராவது எழுதினால், சாப்பிட வைக்கும் முன் அது அசிட்டைல்கோலினைத் தடுப்பதா என்று கேளுங்கள்.