துபாயில் இருக்கும் தம்பிக்கு கம்பெனி பவர்: எம்.டி. கையெழுத்து மட்டும் போதுமா?

கேள்வி: திருப்பூரில் எங்களுக்கு ஒரு பிரைவேட் லிமிடெட் பனியன் கம்பெனி இருக்கிறது. நான் எம்.டி., என் தங்கை வீட்டுக்காரர் இன்னொரு டைரக்டர். துபாயில் ஒரு துணை கம்பெனி ஆரம்பிக்கப் போகிறோம். எங்களால் அடிக்கடி போக முடியாது என்பதால், அங்கேயே வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் பேரில் பவர் கொடுக்க நினைக்கிறோம். அங்கிருக்கும் கன்சல்டன்ட் போர்டு தீர்மானமும் பவரும் இரண்டுமே வேண்டும் என்கிறார். இரண்டும் ஒன்றுதானே? நானே கையெழுத்துப் போட்டு நோட்டரி வைத்து அனுப்பினால் போதாதா? டிராஃப்ட் ஆறு பக்கம் இங்கிலீஷில் இருக்கிறது, பாதிதான் புரிகிறது.

பதில்: எம்.டி. கையெழுத்து மட்டும் போதாது. இந்த விஷயத்தில் அதிகம் பேர் தவறுவது இங்கேதான்.

2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 22ஆம் பிரிவு இதைப் பற்றியதுதான். கம்பெனி தன் சார்பில் பத்திரங்களில் கையெழுத்திட, இந்தியாவிலோ வெளிநாட்டிலோ ஒருவரை எழுத்து மூலம் நியமிக்கலாம் என்கிறது. முன்பெல்லாம் அந்தப் பத்திரத்தில் கம்பெனியின் பொது முத்திரையைக் குத்தியாக வேண்டும். 2015இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு முத்திரை வைத்துக்கொள்வது கம்பெனியின் விருப்பம். முத்திரை இல்லாத கம்பெனி என்றால் இரண்டு டைரக்டர்கள் கையெழுத்திட வேண்டும். கம்பெனி செக்ரட்டரி நியமிக்கப்பட்டிருந்தால் ஒரு டைரக்டரும் அவரும் சேர்ந்து போடலாம். உங்களிடம் செக்ரட்டரி இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் நீங்களும் உங்கள் மாப்பிள்ளையும் இருவருமே நோட்டரி முன்னால் உட்கார வேண்டும்.

என்னிடம் வந்த ஒரு கோயம்புத்தூர் கம்பெனி, எம்.டி. மட்டும் கையெழுத்திட்ட பவரை எல்லா அட்டெஸ்டேஷனும் முடித்து அனுப்பியிருந்தது. வழியில் சீல் போட்ட யாரும் அதைக் கேட்கவில்லை, ஏனென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது அவர்கள் வேலை இல்லை. கடைசியில் அங்கிருந்த வங்கியின் வக்கீல்தான் கண்டுபிடித்தார். கட்டிய கட்டணம் அத்தனையும் போய், முதலில் இருந்து ஆரம்பித்தார்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருவோம். தீர்மானம் வேறு, பவர் வேறு. கம்பெனிக்கு வாயும் கையும் கிடையாது. போர்டு கூடிப் பேசி முடிவெடுத்தால்தான் அது கம்பெனியின் முடிவு. அந்த முடிவு மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கும். அதிலிருந்து அந்தப் பகுதியை மட்டும் எடுத்து, லெட்டர்ஹெட்டில் அடித்து, உண்மை நகல் என்று சான்றளித்துத் தருவதுதான் வெளியே போகும் போர்டு தீர்மானம். பவர் என்பது அந்த முடிவின்படி கம்பெனி உங்கள் தம்பி கையில் கொடுக்கும் பத்திரம். துபாய் அதிகாரியிடம் அவர் காட்டுவது பவரை. இந்தப் பவரைக் கொடுக்க இந்த இருவருக்கு உரிமை உண்டா என்று அந்த அதிகாரி கேட்டால், அதற்குப் பதில்தான் தீர்மானம். அதனால்தான் கன்சல்டன்ட் இரண்டையும் கேட்கிறார்.

தீர்மானத்தைச் சுற்றறிக்கையாக அனுப்பிக் கையெழுத்து வாங்கி முடித்துவிடலாம் என்று உங்கள் ஆடிட்டர் ஆபீஸில் யாராவது சொல்லலாம். இந்த விஷயத்தில் வேண்டாம். துணை கம்பெனியில் பங்கு எடுப்பது கம்பெனிப் பணத்தை முதலீடு செய்வது. 179ஆம் பிரிவின்படி அந்த அதிகாரத்தைப் போர்டு கூட்டத்தில்தான் பயன்படுத்த முடியும். ஏழு நாள் நோட்டீஸ் கொடுங்கள். நீங்கள் இருவர் மட்டுமே டைரக்டர் என்றால் குறைந்தபட்ச வருகையே இரண்டு பேர், ஆகவே இருவரும் இருந்தாக வேண்டும். ஒருவர் வெளியூரில் இருந்தால் வீடியோ வழியாகக் கலந்துகொள்ளலாம், அதுவும் வருகைதான்.

தீர்மானத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதைத் தமிழில் சொல்கிறேன், டிராஃப்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். துபாயில் இன்ன வகைத் துணை கம்பெனியை, இவ்வளவு மூலதனத்தில் ஆரம்பிக்கப் போர்டு ஒப்புக்கொள்கிறது. அதற்காக இன்ன பாஸ்போர்ட் எண் உள்ள இன்னாரைக் கம்பெனியின் பவர் ஏஜெண்டாக நியமிக்கிறது. கூட்டத்தில் வைக்கப்பட்ட வரைவுப்படி பவர் எழுதப்படும். அதில் கையெழுத்திட இந்த இரு டைரக்டர்களுக்கும் அதிகாரம் தரப்படுகிறது. இந்த நான்கும் இருந்தால் போதும். ‘கூட்டத்தில் வைக்கப்பட்ட வரைவுப்படி’ என்ற வரியை மட்டும் யாரும் எடுத்துவிட விடாதீர்கள், தீர்மானத்தையும் பவரையும் கட்டிவைக்கும் கயிறு அதுதான்.

தேதிகளையும் பாருங்கள். கூட்டம் 10ஆம் தேதி என்றால் பவரில் 10 அல்லது அதற்குப் பிந்தைய தேதி இருக்க வேண்டும். 8ஆம் தேதி பவருக்கு 10ஆம் தேதி தீர்மானம் கொடுத்தால், அன்றைக்கு அந்த அதிகாரம் உங்களிடம் இல்லை என்பதை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

பெயர் இன்னொரு தொல்லை. நம்மூரில் எஸ். முருகேசன் என்றால் முருகேசன்தான். பாஸ்போர்ட்டிலோ அந்த எஸ், சுப்பிரமணியம் என்று விரிந்து குடும்பப் பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். அங்கே அவர் வேறு ஆள். பவரில் உங்கள் தம்பியின் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே எழுதி, பாஸ்போர்ட் எண்ணையும் சேருங்கள். உங்கள் இருவர் பெயரும் கம்பெனிப் பதிவில் ஒரு மாதிரியும் பாஸ்போர்ட்டில் வேறு மாதிரியும் இருந்தால், ‘என்றும் அழைக்கப்படும்’ என்று இரண்டையும் போட்டுவிடுங்கள்.

இனி அந்த ஆறு பக்க டிராஃப்ட். முதல் பக்கத்தில் நியமிக்கிறோம், அமர்த்துகிறோம் என்று மூன்று நான்கு வினைச்சொல் அடுக்கியிருப்பார்கள். எல்லாம் ஒரே பொருள்தான், பயப்பட வேண்டாம். கவனமாகப் படிக்க வேண்டியது நடுவில் எண் போட்டு வரும் அதிகாரங்களை. லைசென்ஸுக்கு விண்ணப்பிப்பது, துணை கம்பெனியின் அமைப்பு விதிகளில் கையெழுத்திடுவது, அலுவலக வாடகை ஒப்பந்தம், விசா வேலைகள், வங்கிக் கணக்கு தொடங்குவது எல்லாம் தனித்தனியாக, பெயர் சொல்லி இருக்க வேண்டும். ‘தேவையான எல்லாக் காரியங்களையும் செய்யலாம்’ என்ற பொது வரியை நம்பாதீர்கள். உதாரணமாக, தகராறு வந்தால் நடுவர் தீர்ப்புக்குப் போவோம் என்று உங்கள் சார்பில் ஒப்புக்கொள்ள, அந்த நாட்டின் 2018ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்புச் சட்டப்படி குறிப்பான அதிகாரம் தேவை. பொது வரி அங்கே கை கொடுக்காது.

அதே டிராஃப்டில் அடிக்க வேண்டியவையும் இருக்கும். கம்பெனி பேரில் கடன் வாங்குவது, ஜாமீன் நிற்பது, துணை கம்பெனியின் பங்கை விற்பது ஆகிய மூன்றும் இந்தக் கட்டத்தில் தேவையில்லை. தன் அதிகாரத்தை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்ற வரி இருந்தால் அதையும் எடுங்கள். நீங்கள் நம்புவது தம்பியை. அவர் நம்பும் ஆளை உங்களுக்குத் தெரியாது. திரும்பப் பெற முடியாத பவர் என்ற சொல் இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். பவர் ஏஜெண்டுக்கு அந்தச் சொத்திலோ காரியத்திலோ சொந்தப் பங்கு இருந்தால்தான் நம் ஒப்பந்தச் சட்டம் அதை ரத்து செய்ய முடியாத பவராகப் பார்க்கும், உங்கள் தம்பிக்கு அப்படி எதுவும் இல்லை. ஆனால் இதைத் துபாயில் வக்கீல் வைத்து வாதாடுவதைவிட இங்கேயே பேனாவால் அடிப்பது மலிவு.

கடைசிப் பக்கத்தில், ஏஜெண்ட் செய்வதையெல்லாம் நாங்களே செய்ததாக ஏற்று உறுதிசெய்கிறோம் என்று வரும். அது எல்லாப் பவரிலும் உண்டு. ‘இந்தப் பவரின் எல்லைக்குள் சட்டப்படி செய்தவை’ என்ற கட்டுப்பாடு அதில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதன் கீழே காலாவதித் தேதி ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். இந்த வேலைக்கு ஒரு வருடம் தாராளம்.

கையெழுத்துக்குப் பிறகு பயணம். பலர் அப்போஸ்டில் என்ற ஒற்றைச் சான்றை நம் வெளியுறவு அமைச்சகத்தில் வாங்கிவிட்டால் போதும் என்பார்கள். சவூதி, ஓமன், பஹ்ரைன், சிங்கப்பூர் என்றால் அது சரி. ஐக்கிய அரபு எமிரேட்ஸ் அப்போஸ்டிலை ஏற்கும் நாடுகளின் ஒப்பந்தத்தில் இல்லை, அதனால் பழைய நீண்ட வழிதான். முதலில் இங்கே ஸ்டாம்ப் பேப்பரில் நோட்டரி. வணிக ஆவணம் என்பதால் அடுத்து வர்த்தக சபையின் சான்று. பிறகு நம் வெளியுறவு அமைச்சகத்தின் அட்டெஸ்டேஷன். சென்னையில் அதற்குக் கிளைச் செயலகம் உண்டு, ஆனால் அமைச்சகம் அனுமதித்த ஏஜென்சிகள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். அப்புறம் இந்தியாவில் உள்ள எமிரேட்ஸ் தூதரகத்தின் முத்திரை. காகிதம் துபாய் போனதும் அங்குள்ள வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை, கடைசியாக உரிமம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் அரபி மொழிபெயர்ப்பு. தீர்மானமும் இதே வழியில்தான் போக வேண்டும். கம்பெனியின் பதிவுச் சான்றிதழையும் அமைப்பு விதிகளையும் சேர்த்துக் கேட்பார்கள் என்பதால், எல்லாவற்றையும் ஒரே தடவையில் அனுப்பிவிடுங்கள்.

அரபி மொழிபெயர்ப்பு வந்ததும் அதிலுள்ள பெயர்களையும் எண்களையும் தம்பியை விட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அங்கே அதிகாரி முன்னால் விரித்துப் படிப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

ஒரு விஷயம் நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். துணை கம்பெனி பதிவாகும்போது அநேகமாக உங்கள் தம்பியையே அதன் மேனேஜராக லைசென்ஸில் போடுவார்கள். அந்த நிமிடத்திலிருந்து அவர் கையில் இரண்டு அதிகாரம் இருக்கிறது. ஒன்று நீங்கள் கொடுத்த பவர், மற்றது புதிய கம்பெனியின் விதிகள் மேனேஜருக்குத் தரும் அதிகாரம். நாளைக்கு மனத்தாங்கல் வந்து பவரை ரத்து செய்தாலும் இரண்டாவது அப்படியே இருக்கும், அவர் காசோலையில் கையெழுத்திட்டுக்கொண்டே இருப்பார். அதனால் மேனேஜர் தனியாக எவ்வளவு தொகை வரை பணம் எடுக்கலாம், அதற்கு மேல் யார் கையெழுத்து வேண்டும் என்பதைப் புதிய கம்பெனியின் விதிகளிலும் வங்கிக்குக் கொடுக்கும் இயக்க அதிகாரப் படிவத்திலும் எழுதுங்கள். உதாரணமாக 50,000 திர்ஹாமுக்கு மேல் போனால் உங்கள் ஒப்புதலும் வேண்டும் என்று வைக்கலாம். பவரில் மட்டும் எழுதினால் வங்கி அதைப் பார்த்துக்கொண்டிருக்காது.

பவரை முன்கூட்டியே ரத்து செய்ய வேண்டி வந்தால் மறுபடி போர்டு தீர்மானம், ரத்துப் பத்திரம், அதே முத்திரைகள், அதே வழி. அதோடு முடியாது. நம் ஒப்பந்தச் சட்டத்தின் 208ஆம் பிரிவுப்படி, ரத்தானது மூன்றாம் ஆளுக்குத் தெரிந்த பிறகுதான் அவரைப் பொறுத்தவரை செல்லும். தம்பிக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பிவிட்டு விட்டுவிடாமல், வங்கிக்கும் லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்துக்கும் அலுவலக இடத்தின் ஓனருக்கும் அன்றைக்கே எழுதி, கிடைத்ததற்கு அத்தாட்சி வாங்க வேண்டும். அதற்காகவே, பவரின் அசல் எங்கெங்கே காட்டப்பட்டது என்று தம்பியிடம் ஒரு பட்டியல் வாங்கி மினிட்ஸ் புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.